தம்பியை ஏன் அணியிலிருந்து எடுத்தீர்கள்? வன்னிக் கிரிக்கெட் பயிற்றுநர்களுக்கு ஒரு திறந்த மடல்

வன்னிப் பாடசாலைகளிலும் கழகங்களிலும் கிரிக்கெட் பழக்கும் பயிற்றுநர்களுக்கும், விளையாட்டுப் பொறுப்பாசிரியர்களுக்கும், வலயக் கல்வி அலுவலகங்களில் உடற்கல்வியைப் பார்க்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

நான் ஓய்வுபெற்ற ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளன். இரத்தத்தையும் சலத்தையும் நுணுக்குக்காட்டியில் பார்த்தே வயது போனது. கிரிக்கெட்டில் உங்களுக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனால் எங்கள் வீதியில் வளர்ந்த வேகப்பந்து வீச்சாளன் ஒருவனை, ஓர் இரத்த அறிக்கையைக் காரணம் காட்டி அணியிலிருந்து எடுத்துவிட்டார்கள். அந்த அறிக்கையை வாசிக்கத் தெரிந்தவன் என்ற உரிமையில்தான் இதை எழுதுகிறேன். பெடியனின் பெயரோ, பாடசாலையோ, கழகமோ இங்கே வராது. தம்பி என்றே சொல்கிறேன். தாய் தகப்பனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

தம்பிக்குப் பதினேழு வயது. பங்குனி வெயிலில் புழுதி பறக்கிற மைதானத்தில் பின்னேரம் முழுக்கப் பந்து போடுவான். ஒருநாளும் விழுந்ததில்லை, மயங்கியதில்லை. அவனிடம் ஒரே ஒரு பழக்கம் வித்தியாசமாக இருந்தது. இரவில் இரண்டு மூன்று தரம் எழும்பிச் சலம் போவான். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். தண்ணியும் அடிக்கடி கேட்பான். வீட்டில் அதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. இந்தப் பழக்கத்தை நினைவில் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்.

பருவப் போட்டிகள் தொடங்க முன்னம் அணிக்கு உடல் தகுதியும் மன உறுதியும் வேண்டும் என்று சிவனொளிபாதமலைக்குக் கூட்டிப்போனார்கள். நல்ல யோசனைதான், நடந்து ஏறியிருந்தால். மத்தியானம் பஸ் வெளிக்கிட்டது. ஏ9 வீதியால் வவுனியா, தம்புள்ளை, கண்டி, அங்கிருந்து ஹற்றன், மஸ்கெலியா. நல்லதண்ணியில் இறங்கும்போது நடுச்சாமம். ஒருவரும் ஒழுங்காய் நித்திரை கொள்ளவில்லை. தம்பி வழி முழுக்கத் தண்ணி குடிக்கவும் இல்லை. குடித்தால் பஸ்ஸை நிற்பாட்டச் சொல்லிக் கேட்க வேண்டிவரும், மற்றப் பெடியள் சிரிப்பார்கள். குடிக்காவிட்டாலும் அவனுடைய சிறுநீரகம் தண்ணியைப் பிடித்து வைக்காமல் வெளியே விட்டுக்கொண்டே இருந்தது என்பது அப்போது யாருக்கும் தெரியாது. ஆக, அடிவாரத்திலேயே உடம்பு வறண்டுதான் நின்றான்.

அங்கே வைத்துப் பயிற்றுநர் நேரமெடுக்கும் கடிகாரத்தைக் காட்டிச் சொன்னாராம்: இரண்டரை மணித்தியாலத்தில் உச்சி. கடைசி ஐந்து பேருக்கு முதல் மட்ச்சில் இடமில்லை.

வன்னி மட்டமான நிலம், கடலுக்குச் சில பத்து மீற்றர்தான் மேலே. சிவனொளிபாதமலையின் உச்சி 2,243 மீற்றர். நல்லதண்ணிப் பாதையில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். யாத்திரை போகிறவர்கள் தேத்தண்ணிக் கடைக்குக் கடை இருந்து எழும்பி, விடியக் காலமை உதயம் பார்க்கிற கணக்கில் ஏறுகிற மலை அது. எழுபது வயது ஆச்சிமார் ஏறுவதும் அப்படித்தான். இவர்கள் ஓடினார்கள்.

சமாதானத் தாதுகோபுரத்தைத் தாண்டி, சீதகங்குல ஓடையைத் தாண்டும்வரை தம்பி முன்னணியில். பிறகு படி செங்குத்தாகிறது. இந்திகட்டுபானவுக்கு மேலே போனதும் இரண்டு தொடையும் பாரமாகி, பிறகு ஆறாத நோவு. ஒரு படியில் குந்திவிட்டான்.

“சேர், காலுக்கு உயிர் இல்லை.”

“பிடிப்புத்தான். எழும்பு. வேகப்பந்து போடுறவன் இப்பிடிக் குந்தினா ஆர் மதிப்பான்?”

கூட்டாளி ஒருவன் பிடிப்பை எடுத்துவிடுவோம் என்று தொடையைப் பிடித்துப் பார்த்திருக்கிறான். கல்லுப் போல இறுகியிருக்கும் என்று நினைத்தவனுக்குக் கையில் தொளதொளவென்று பட்டதாம். “அங்கிள், சதை மெத்தெண்டு இருந்தது” என்று பிறகு என்னிடம் சொன்னான். அந்த ஒரு வசனத்தில் நோயின் பாதிப் பெயர் இருக்கிறது, ஆனால் அந்த இடத்தில் அதை வாசிக்க ஒருவரும் இல்லை. தம்பி கைப்பிடிக் கம்பியைப் பிடித்து எழும்பி, இன்னும் கொஞ்சப் படி ஏறினான். பிறகு முழங்கால் மடிந்து விழுந்தான். நினைவு தப்பவில்லை, பேசிக்கொண்டுதான் இருந்தான். எழும்ப மட்டும் முடியவில்லை. பக்கத்துத் தேத்தண்ணிக் கடைக்காரர், அந்தப் பக்கத்துப் பெரியவர், அவனை வாங்கில் கிடத்தி, “இனிமே இந்தப் புள்ளய ஏத்தாதீங்க” என்றாராம். அன்றைக்கு அவனுக்குக் கிடைத்த முதல் சரியான வைத்தியம் அதுதான். போர்வையில் கிடத்தித் தூக்கி இறக்கினார்கள்.

கீழே முதலில் காட்டிய இடத்தில் சூடு பார்த்தார்கள், 37.6. காய்ச்சல் இல்லை, பிடிப்பு என்று நோவுக்கு ஊசி போட்டு அனுப்பினார்கள். டைக்ளோஃபெனாக் போன்ற நோவு ஊசிகள், ஏற்கெனவே அடிபட்டுக்கொண்டிருக்கும் சிறுநீரகத்துக்கு இன்னொரு அடி. திரும்பி வரும் வழியில் தம்புள்ளைக்குக் கிட்ட பஸ்ஸை நிற்பாட்டியபோது, அவனுக்குக் கடும் சாயத் தேத்தண்ணி நிறத்தில் சலம் போயிருக்கிறது. பயந்துபோய்த் தகப்பனுக்குப் போன் எடுத்தான், தகப்பன் எனக்கு எடுத்தார். வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம், நேரே பெரியாஸ்பத்திரிக்கு விடுங்கள் என்று சொன்னேன்.

ஆய்வுகூடத்தில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விடுங்கள், அது என்னுடைய இடம். சலத்தில் தோய்க்கிற பட்டி “இரத்தம் மூன்று பிளஸ்” என்று காட்டியது. அதே சலத்தைச் சுழற்றி, அடியில் படிந்ததை நுணுக்குக்காட்டியில் வைத்தால் செங்குழியம் ஒன்றையும் காணவில்லை. பட்டி இரத்தம் என்கிறது, கண்ணாடி இல்லை என்கிறது. இரண்டும் பொய் சொல்லவில்லை. பட்டிக்கு ஈமோகுளோபினும் ஒன்றுதான், தசைக்குள் இருக்கும் மயோகுளோபினும் ஒன்றுதான், வித்தியாசம் தெரியாது. அவனுடைய தசை உடைந்து, உள்ளே இருந்தது இரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தால் வடிந்துகொண்டிருந்தது. தசை உடைவதை அளக்கும் சீகே என்ற நொதியம் சாதாரணமாக 200 அளவுக்குள் இருக்கும். அவனுக்கு ஐம்பதாயிரத்தைத் தாண்டியிருந்தது. பொற்றாசியமும் ஏறியிருந்தது. தசை உடையும்போது வெளியே வரும் பொற்றாசியம்தான் முதலில் பயப்பட வேண்டிய ஆள், இதயத்தின் துடிப்பைக் குழப்பி நிமிடங்களில் ஆளைக் கொண்டுபோகும். அதனால் ஈசீஜீ பூட்டி, மணிக்கணக்கில் சேலைன் ஓடவிட்டு, சலம் தெளியும்வரை அளந்து அளந்து பார்த்தார்கள். இரத்தச் சுத்திகரிப்பு வரை போகாமல் தப்பினான்.

ஒரு வாரத்துக்குப் பிறகு, வாட்டுக்கு வந்த வைத்திய நிபுணர் ஒரு கேள்வி கேட்டார். மற்றப் பெடியளும் அதே மலையில்தானே ஓடினார்கள், ஏன் இவன் மட்டும்? அதோடு இன்னொன்றையும் கேட்டார்: “இரவில் எழும்பிச் சலம் போறனியா?” தாய் திடுக்கிட்டுப் போனார். இது டொக்டருக்கு எப்படித் தெரியும்?

ஈமோகுளோபினைப் பிரித்து அளக்கும் எச்பிஎல்சி பரிசோதனைக்கு இரத்தம் அனுப்பினார்கள். அறிக்கை வந்தது. ஈமோகுளோபின் ஏ 59 வீதம், எஸ் 36 வீதம். சிக்கிள் செல் காவி.

இதுதான் உங்களில் ஒருவரின் கையில் போய், “பிள்ளைக்கு இரத்த வருத்தமாம், பொறுப்பெடுக்க ஏலாது” என்று மாறிய அறிக்கை. அதில் உண்மையில் என்ன இருக்கிறது என்று சொல்கிறேன்.

ஈமோகுளோபினைக் கட்டும் மரபணு ஒவ்வொருவருக்கும் தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று. அதில் ஒரே ஓர் எழுத்து மாறினால் எஸ் என்ற வகை உருவாகும். இரண்டு பக்கமும் எஸ் வந்தால் சிக்கிள் செல் நோய், அது கடுமையான வருத்தம். ஒரு பக்கம் மட்டும் வந்தால் காவி. காவிக்கு நோய் இல்லை. செங்குழியத்தில் பாதிக்கு மேல் நல்ல ஏ இருப்பதால் சாதாரண வாழ்க்கையில் ஒன்றும் நடக்காது. மலேரியா கொடிகட்டிப் பறந்த ஊர்களில் இந்தக் காவிகள் கடும் மலேரியாவில் குறைவாகச் செத்ததால்தான் இந்த மாற்றம் தலைமுறை தாண்டி நின்றது. இலங்கை மலேரியா அற்ற நாடு என்று 2016இல் உலக சுகாதார நிறுவனம் சான்று தந்துவிட்டது. மலேரியா போய்விட்டது, அதற்காக நின்ற மாற்றம் குடும்பங்களில் இருக்கிறது.

ஆனால் நான்கு விடயங்கள் ஒன்றாய்ச் சேரும்போது காவியின் குழியமும் மாறும்: ஒட்சிசன் குறைவு, இரத்தத்தில் அமிலம் கூடுவது, சூடு, நீர் வறட்சி. உச்ச வேகத்தில் ஓய்வில்லாமல் ஓடும் ஒருவனின் தொடைத் தசைக்குள் இந்த நான்கும் சில நிமிடங்களிலேயே சேர்ந்துவிடும். அப்போது எஸ் ஈமோகுளோபின் நீளநீளக் கம்பிகளாய்க் கோர்த்து, உருண்டைக் குழியத்தை அரிவாள் போல வளைத்து விறைக்க வைக்கும். வளைந்தது நுண்குழாயில் வளையாது, சல்வீனியா அடைத்த வாய்க்கால் மாதிரி வழி நின்றுபோகும். தசைக்கு இரத்தம் நிற்கும், தசை உடையும். மலையில் காற்றின் ஒட்சிசனும் குறைவு, அது மேலதிகம். சிறுநீரகத்தின் உட்பகுதியில் இந்த நிலை எப்போதும் கொஞ்சம் இருப்பதால்தான், சின்ன வயதிலிருந்தே அங்கே சிறுசிறு சேதம் நடந்து, தண்ணியைப் பிடித்துவைக்கும் சக்தி காவிகளுக்குக் குறைகிறது. இரவில் எழும்பும் பழக்கத்தின் காரணம் இதுதான்.

இப்போது கேட்கிறேன். வெயிலில் பந்து போட்டவன் ஏன் விழவில்லை? நீங்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டியவர்கள். ஓர் ஓவருக்கு ஆறு பந்து. ஒவ்வொரு பந்துக்கும் சில விநாடி ஓட்டம், பிறகு நடந்து திரும்புதல். ஓவர் முடிந்தால் அடுத்த ஓவர் முழுக்க எல்லைக் கோட்டில் நின்று மூச்சு வாங்கலாம். தண்ணி இடைவேளை வேறு. கிரிக்கெட்டின் கட்டமைப்பே அவனுக்குப் பாதுகாப்பாக இருந்தது. அந்தப் பாதுகாப்பை எடுத்துவிட்டு, ஓய்வில்லாமல் மேலே ஓடு, நின்றால் இடமில்லை என்று சொன்னது மலையா, இரத்தமா, கடிகாரமா?

மலை இல்லாமலும் இது நடக்கும். ரைஸ் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து வீரர் டேல் லொயிட் 2006இல் சமதரை மைதானத்தில் 100 யார் ஓட்டத்தைப் பதினாறு தடவை அடுத்தடுத்து ஓடிய பின் சுருண்டு விழுந்து, மறுநாள் இறந்தார். வயது 19. காவி என்று யாருக்கும் தெரியாது. அதற்குப் பிறகுதான் 2010இலிருந்து அங்கே பல்கலைக்கழக முதல்தர விளையாட்டு வீரர்களுக்கு இந்தப் பரிசோதனையை விதியாக்கினார்கள். அதே நாட்டில் ரையன் கிளார்க் என்ற தொழில்முறை வீரர் காவி. 2007இல் 1,600 மீற்றர் உயரத்தில் இருக்கும் டென்வரில் விளையாடியபோது மண்ணீரலுக்கு இரத்தம் நின்று, மண்ணீரலையே எடுக்க வேண்டி வந்தது. அதற்காக அவரை வீட்டுக்கு அனுப்பவில்லை. டென்வர் மட்ச்சுகளில் மட்டும் இறக்காமல், மற்றெல்லா மைதானத்திலும் அவர் இன்னும் பல வருடம் விளையாடினார்.

பழைய கணக்கு பயமானதுதான், அதை ஒளிக்கவில்லை. 1987இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, அமெரிக்கப் படையின் ஆரம்பப் பயிற்சியில் கறுப்பின வீரர்கள் திடீரென்று இறக்கும் ஆபத்து, காவிகளுக்கு மற்றவர்களைவிட ஏறத்தாழ 28 மடங்கு. அதன்பிறகு படையில் எல்லாருக்கும் பொதுவாக, காவியா இல்லையா என்று பாராமல், வெப்பத்துக்கும் தண்ணிக்கும் ஓய்வுக்கும் விதி போட்டார்கள். 2016இல் ஏறத்தாழ 48,000 கறுப்பின வீரர்களைப் பார்த்த ஆய்வு வந்தது. காவிகளின் இறப்பு மற்றவர்களைவிடக் கூடவில்லை. தசை உடையும் ஆபத்து மட்டும் ஒன்றரை மடங்கு கூட, அதே ஆய்வில் புகைபிடிப்பவர்களுக்கு இருந்த அளவு. புகைபிடிக்கிற பெடியனை எந்த அணியிலிருந்தும் யாரும் இந்தக் காரணத்துக்காக எடுத்ததாக நான் கேள்விப்படவில்லை.

ஆகவே நான் கேட்பது பெடியளை வடிகட்டும்படி இல்லை. பழக்கும் முறையை மாற்றும்படி. ஓய்வில்லாத உச்ச வேகம் இரண்டு மூன்று நிமிடத்தைத் தாண்டக் கூடாது. நேரம் வைத்து ஓடவிடும் பரீட்சைகள், இரண்டு கிலோமீற்றர் ஓட்டம் உட்பட, காவி என்று தெரிந்தவனுக்கு வேண்டாம், அவனை வேறு விதமாய் அளக்கலாம். மற்றவர்களுக்கும் விடுமுறை முடிந்து வந்த முதல் கிழமையில் அதை வைக்காதீர்கள். சும்மா இருந்துவிட்டு வரும் உடம்பைப் படிப்படியாகத்தான் ஏற்ற வேண்டும். காய்ச்சலோ வயிற்றோட்டமோ இருந்த அன்றைக்கு ஓட்டமே இல்லை. தண்ணிப் போத்தலைத் தண்டனைக்காகப் பறித்து வைக்கும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது, அதை இன்றைக்கே விடுங்கள். மலைக்குப் போவதென்றால் முதல்நாள் போய் இரவு தங்கி, நித்திரை கொண்டு, நடந்து ஏறுங்கள்.

இன்னும் முக்கியமானது, விழுந்தவனைப் பார்த்து எதுவென்று பிரித்தறிவது. சாதாரணப் பிடிப்பு என்றால் தசை கல்லாக இறுகும், கண்ணுக்கே தெரியும், பெடியன் நோவில் கத்துவான், பெரும்பாலும் பயிற்சியின் கடைசியில் வரும். வெப்பத் தாக்கு என்றால் உடம்பு கொதிக்கும், பேச்சுக் குழறும். சிக்கிள் விழுகை வேறு மாதிரி. பயிற்சி தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே வரலாம். கால் பலமிழந்து கிழங்காய்த் துவண்டு விழுவான், தசை தொட்டால் மெத்தென்று இருக்கும், சூடு பெரிதாய் இருக்காது, பேசுவான். பேசுகிறானே என்றுதான் ஏமாறுகிறோம். நடிக்கிறான், சோம்பேறி என்ற முடிவுக்கும் அதனால்தான் போகிறோம். கால் பலமில்லை என்று ஒரு பெடியன் சொன்னால் அந்த இடத்திலேயே நிற்பாட்டுங்கள். பத்து நிமிடம் படுத்தும் தேறாவிட்டால் பிறகு பொறுக்காதீர்கள். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் வடக்கில் 2018இலிருந்து ஓடுகிறது, காசு கேட்பதில்லை, ஒட்சிசனும் வைத்திருப்பார்கள். கூப்பிடும்போது “ஓட்டத்தில் விழுந்தவன், கால் பலமில்லை” என்றே சொல்லுங்கள். வைத்தியசாலையில் விடும்போது சலத்தின் நிறத்தைச் சொல்ல மறக்க வேண்டாம். காவி என்று தெரிந்தால் அதை முதல் வசனமாகச் சொல்லுங்கள்.

பரிசோதனை பற்றி ஒரு சின்ன எச்சரிக்கை. திருமணத்துக்கு முன் தலசீமியாவுக்குப் பார்க்கும்போது முதலில் எடுப்பது முழுக் குருதி எண்ணிக்கை. அதில் செங்குழியத்தின் பருமன் குறைந்திருந்தால்தான் மேற்கொண்டு பார்ப்பார்கள். சிக்கிள் காவிக்கு அந்த எண்ணிக்கை எல்லாம் சரியாகவே வரும். தம்பியின் ஈமோகுளோபின் 14.2, குழியப் பருமன் 86, கண்ணில் குத்துகிற மாதிரி ஒன்றுமே இல்லை. எனவே “பிள்ளைக்கு முதலே பிளட் பார்த்தது, ஓகே” என்ற பேச்சு இந்த விடயத்தில் செல்லாது. எச்பிஎல்சி அல்லது மின்னோட்டத்தால் ஈமோகுளோபினைப் பிரிக்கும் எலெக்ட்ரோபோரெசிஸ்தான் காட்டும். வாழ்நாளில் ஒருமுறை போதும். ஆனால் அதைப் பெற்றோரின் சம்மதத்தோடு வைத்தியரிடம் செய்ய வேண்டும், முடிவும் அவர்களுக்குரியது. பாடசாலை அறிவித்தல் பலகைக்கோ வட்ஸ்அப் குழுவுக்கோ உரியது இல்லை. தம்பியின் அறிக்கை அப்படி ஒரு குழுவில் சுற்றி வந்தது, அனுப்பியவருக்கு அது தெரியும்.

அதோடு இன்னொரு கதையும் சுற்றுகிறது, அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். தம்பியின் அப்பப்பாவும் அப்பம்மாவும் 77 கலவரத்துக்குப் பிறகு மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து இங்கே வந்து காடு வெட்டிக் குடியேறியவர்கள். “அது அங்கத்தைய ஆக்களின்ர வருத்தம், எங்கட ஆக்களுக்கு இல்லை” என்று சிலர் கதைக்கிறார்கள். 1952இல் நீலகிரியின் பழங்குடிகளிடம் இந்த ஈமோகுளோபின் கண்டறியப்பட்டது உண்மை. அதே ஈமோகுளோபின் ஆபிரிக்காவில், அரேபியாவில், கிரேக்கத்தில், இங்கே சிங்களக் குடும்பங்களில் இருக்கிறது. மலேரியா எங்கே இருந்ததோ அங்கே. வன்னியில் மலேரியா இருந்த கதையை உங்கள் வீட்டுக் கிழவர்களிடம் கேளுங்கள். இலங்கையில் சிக்கிள் காவிகள் அரிது, அதனால்தான் தேடுவதில்லை. தேடாத இடத்தில் யாருடைய இரத்தத்தில் என்ன இருக்கிறது என்று ஒருவரும் நெஞ்சைத் தட்டிச் சொல்ல முடியாது.

தம்பிக்கு வந்தது தகப்பன் பக்கத்தால்தான், அவருக்கும் பார்த்தாயிற்று. அவர் நாற்பத்தெட்டு வயதுவரை வயலில் மூட்டை தூக்கியவர், ஒரு நாள் காய்ச்சலுக்குக் கூடப் படுத்ததில்லை. “என்ர பக்கத்தாலயா, இவற்ற பக்கத்தாலயா?” என்று தாய் அழுதபோது, இரண்டு பக்கமும் குற்றமில்லை என்று நிபுணர் விளங்கப்படுத்தினார். ஒன்றை மட்டும் குறித்துக் கொடுத்தார். தம்பியும் அவனுடைய அக்காவும் கலியாணம் செய்ய முன் துணையின் இரத்தத்தையும் பார்க்க வேண்டும், சிக்கிளுக்கு மட்டுமல்ல, தலசீமியாவுக்கும். இங்கே தலசீமியாக் காவிகள்தான் கூட. அக்காவுக்கும் எஸ் இருந்து, துணை தலசீமியாக் காவியாகவும் அமைந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு நோய் வர வாய்ப்பு. அது அவர்களின் குடும்பக் கணக்கு, பார்த்துக்கொள்வார்கள். உங்களுடைய கணக்கு வேறு.

தம்பிக்குச் சீகே இப்போது இறங்கிவிட்டது. வைத்தியசாலைக் கிளினிக்கில் பந்து போடலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்: நான்கு ஓவர் தொகுப்பு, இடையில் தண்ணி, நேர ஓட்டம் இல்லை, உயர மலைக்கு ஓடி ஏறக் கூடாது. அந்தக் கடிதம் ஏற்கெனவே அவனுடைய பயிற்றுநரிடம் கொடுக்கப்பட்டுவிட்டது, பதில் இல்லை. அணித் தெரிவு அடுத்த மாதம். அவனை எடுக்கச் சொல்லிக் கேட்கவில்லை. பந்து போட விட்டுப் பார்த்து, போதாதென்றால் விடுங்கள். கடிதத்தை மட்டும் பார்த்து அவனை விட்டுவிடாதீர்கள்.

மார்கழிப் போயாவோடு மலைப் பருவம் தொடங்கும். இரண்டு மூன்று கழகங்கள் இந்த வருடமும் பஸ் பேசியிருப்பதாகக் கேள்வி. போக முன்னம் பெடியளையும் உங்களையும் இருத்தி ஒரு மணித்தியாலம் கதைக்க நான் ஆயத்தம். வலய அலுவலகம் ஒரு கூட்டத்துக்கு ஒழுங்கு செய்தால், அந்தச் சலப் பட்டியையும் நுணுக்குக்காட்டியையும் கொண்டுவந்து நேரிலேயே காட்டுவேன். பெற்றோலும் கேட்கமாட்டேன், சைக்கிளில் வந்துவிடுவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளன்,
வன்னி.